ரீகால் ‘0’ என்று காட்டினால் போதுமா? 2011 சொனாட்டாவை முன்வைத்து

அமெரிக்காவில் குறைந்த விலையில் பழைய கார் தேடுகிறவர்கள் கண்ணில் 2011 முதல் 2014 வரையிலான ஹூண்டாய் சொனாட்டா அடிக்கடி படும். அதே வயதுள்ள கேம்ரி, அக்கார்டு ஆகியவற்றைவிட விலை குறைவு, உள்ளே இடம் தாராளம், பார்வைக்கும் குறையில்லை. படிக்க வந்த நம் பிள்ளைகளும் புதிதாகக் குடியேறிய குடும்பங்களும் விலையைப் பார்த்ததும் நின்று யோசிக்கிற கார் அது. நண்பர்கள் யாராவது “ரீகால் இருக்கான்னு பாத்துட்டியா?” என்று கேட்பார்கள். “பாத்தாச்சு, ஜீரோன்னு காட்டுது” என்று பதில் வரும். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

ரீகால் என்பது பாதுகாப்புக் கோளாறு உள்ள வண்டிகளைத் தயாரிப்பாளர் திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்வது. அந்தப் பூஜ்யத்துக்கு என்ன அர்த்தம் என்று தெரியாமல் பேச்சை முடிப்பதுதான் ஆபத்து. இந்த வண்டியின் பதினேழு எழுத்து அடையாள எண்ணான வின் எண்ணுக்கு அறிவிக்கப்பட்ட ரீகால் எல்லாவற்றுக்கும், தயாரிப்பாளர் சொன்ன வேலை முடிந்ததாகப் பதிவாகியிருக்கிறது. அல்லது இந்த வண்டி எந்த ரீகாலிலும் வரவில்லை. பூஜ்யம் சொல்வது இவ்வளவுதான். சொன்ன வேலை ‘பாகத்தை மாற்று’ என்றிருந்தால் நிம்மதியாக இருக்கலாம். ‘சத்தம் கேட்கிறதா பார், கேட்டால் மட்டும் மாற்று’ என்றிருந்தால், என்றைக்கோ ஒருநாள் யாரோ ஒரு மெக்கானிக் காது கொடுத்துக் கேட்டுவிட்டுப் போனார் என்பதற்கு மேல் அந்தப் பூஜ்யத்தில் எதுவும் இல்லை. சொனாட்டாவின் எஞ்சின் விஷயத்தில் நடந்தது இரண்டாவது வகை. அதனால் ரீகாலைத் தேடுவது எப்படி, தேடியதைப் படிப்பது எப்படி என்று காட்ட இதைவிடப் பொருத்தமான கார் எனக்குத் தெரியவில்லை.

எஞ்சினுக்குள் என்ன கோளாறு

இந்த சொனாட்டாக்களில் இருப்பது ‘தீட்டா 2’ என்ற எஞ்சின். 2.4 லிட்டர் சாதா வகை, 2.0 லிட்டர் டர்போ வகை என இரண்டு உண்டு. இரண்டிலும் பெட்ரோல் நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரி ஆலையில் தயாரானவை இவை.

பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க்ஷாஃப்டுக்குள் ஆயில் ஓட மெல்லிய துளைகள் இருக்கும். அந்தத் துளைகள் வழியாகத்தான், பிஸ்டனைத் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட் பேரிங்குகளுக்கு ஆயில் போகிறது. துளை போடும்போது உண்டாகும் உலோகச் சில்லுகளை ஆலையிலேயே முழுக்க அகற்றிவிட வேண்டும். ஒரு பகுதி எஞ்சின்களில் அவை முழுதாக அகற்றப்படவில்லை என்பது நிறுவனம் கொடுத்த விளக்கம். சில்லு பேரிங்குக்குப் போகும் ஆயிலைத் தடுக்கிறது. ஆயில் குறைந்த பேரிங் தேய்கிறது, இடைவெளி கூடுகிறது, ராட் அடிக்கத் தொடங்குகிறது. அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் நெடுஞ்சாலை வேகத்தில் எஞ்சின் இறுகி நின்றுவிடும். இன்னும் மோசமாகப் போனால் உடைந்த ராட் எஞ்சின் பிளாக்கைத் துளைத்து வெளியே வரும். ஆயில் சூடான புகைக்குழாய்ப் பகுதியில் கொட்டித் தீப்பிடிக்கும்.

இந்தத் தேய்மானத்துக்குக் குறிப்பிட்ட மைல் கணக்கு கிடையாது. ஒரு வண்டியில் சீக்கிரமே காட்டிவிடும், இன்னொன்றில் பல ஆண்டுகள் ஒன்றும் தெரியாது. ‘ஒரு லட்சம் மைல் ஓடிவிட்டது, இனி ஒன்றும் ஆகாது’ என்று விற்பவர் சொன்னால் அதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

முதலில் வின் எண்

காரை நேரில் பார்க்கப் போகும் முன்பே வின் எண்ணைக் கேட்டு வாங்கிவிடுங்கள். ஓட்டுநர் பக்க முன்கண்ணாடிக்குக் கீழே டாஷ்போர்டு விளிம்பில், ஓட்டுநர் கதவு நிலையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில், டைட்டில் என்ற உரிமைப் பத்திரத்தில், இன்ஷூரன்ஸ் அட்டையில் எல்லாம் அது இருக்கும். எழுதித் தருவதைவிடப் போட்டோவாக அனுப்பச் சொல்வது நல்லது. பதினேழில் ஒரு எழுத்து தப்பினாலும் தேடல் ஓடாது, அல்லது வேறு காரைக் காட்டும். வின் எண்ணில் I, O, Q என்ற எழுத்துகள் வரவே வராது. அப்படித் தெரிந்தால் அது 1 அல்லது 0.

2011 சொனாட்டா, 2.4 லிட்டர், ஜிஎல்எஸ் வகைக்கு வின் எண் இப்படி இருக்கும்:

```
5NPEB4AC*BH******
```

தொடக்கத்தில் உள்ள 5NP அலபாமாவில் செய்த ஹூண்டாய் காரைக் குறிக்கும். எட்டாவது இடம் எஞ்சின்: C என்றால் 2.4, B என்றால் 2.0 டர்போ. பத்தாவது இடம் மாடல் ஆண்டு: B 2011, C 2012, D 2013, E 2014. பதினோராவது இடத்திலுள்ள H மாண்ட்கோமரி ஆலை. எண் KMH என்று தொடங்கினால் அது கொரியாவில் செய்த கார். சொனாட்டா ஹைபிரிட் அப்படித்தான் வந்தது, அதன் ரீகால் கதை வேறு.

மாடல் ஆண்டையும் தயாரான தேதியையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். 2011 மாடல் சொனாட்டா 2009 டிசம்பரிலேயே ஆலையில் ஓடத் தொடங்கி 2010 தொடக்கத்தில் விற்பனைக்கு வந்துவிட்டது. ரீகால் வரம்புகள் பெரும்பாலும் தயாரான தேதியை வைத்தே வகுக்கப்படும். கதவு நிலை ஸ்டிக்கரில் மாதமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தேடிய பிறகு திரையில் தெரிவது

nhtsa.gov/recalls பக்கத்தில் வின் எண்ணை இட்டால் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் பதிவு வரும். செய்யப்படாத ரீகால் இருந்தால் ஒவ்வொன்றும் `Recall INCOMPLETE` என்ற நிலையோடு நிற்கும். சிலவற்றில் `REMEDY NOT YET AVAILABLE` என்றும் சேர்ந்திருக்கும். கோளாறை ஒப்புக்கொண்டுவிட்டார்கள், சரிசெய்யும் பாகமோ முறையோ இன்னும் தயாராகவில்லை என்று பொருள். அந்த நிலையில் வாங்கினால் காத்திருப்பு உங்கள் தலையில்தான் விழும்.

இந்தத் தேடல் காட்டாதவை சில உண்டு. செய்து முடித்த ரீகால்கள் வராது. பதினைந்து ஆண்டுக்கு முந்தைய ரீகால்கள் பொதுவாக வராது. நேற்று அறிவித்த ரீகாலில் எந்தெந்த வின் எண் அடங்கும் என்று நிறுவனம் இன்னும் பட்டியல் கொடுக்காமல் இருந்தால் அதுவும் வராது. பாதுகாப்பு ரீகால் என்ற பெயரில் இல்லாத இலவச சர்வீஸ் திட்டங்கள் வரவே வராது. சொனாட்டாவில் மிக முக்கியமான ஒன்று இந்தக் கடைசி வகையில் இருக்கிறது.

ஆகவே வின் எண்ணோடு நிறுத்தாமல், அதே தளத்தில் ஆண்டு, நிறுவனம், மாடல் என்று கொடுத்து இன்னொரு தடவை தேடுங்கள். 2011, Hyundai, Sonata என்று இட்டால் அந்த மாடலுக்கு இதுவரை வந்த ரீகால்கள் அனைத்தும், முடிந்தவை முடியாதவை பாராமல், வரிசையாக வரும். பக்கத்திலேயே விசாரணைகள், புகார்கள், நிறுவனம் டீலர்களுக்கு அனுப்பிய தொழில்நுட்பக் குறிப்புகள் என்று தனித்தனிப் பிரிவுகள் இருக்கும். வின் எண் தேடல் ‘இந்த வண்டியில் என்ன பாக்கி’ என்று சொல்லும். மாடல் தேடல் ‘இந்த வண்டியில் என்னென்ன நடந்திருக்க வேண்டும்’ என்று சொல்லும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் பூஜ்யத்துக்கு உயிர் வரும்.

ரீகால் வந்த வரிசை

2015 செப்டம்பரில் 15V568 என்ற ரீகால் வந்தது. (முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, V என்றால் வாகனம், மீதி வரிசை எண்.) 2011, 2012 சொனாட்டாக்கள் சுமார் 4,70,000 அதில் அடங்கின. டீலர் எஞ்சினைச் சோதித்து, தேவைப்பட்டால் எஞ்சின் அடிப்பாகத்தை, அதாவது ஷார்ட் பிளாக்கை, மாற்றித் தர வேண்டும். ‘தேவைப்பட்டால்’ என்ற சொல்தான் இங்கே எல்லாம். சோதனையில் தேறிய வண்டி அதே பழைய எஞ்சினோடு வீட்டுக்குப் போனது. பதிவில் அந்த ரீகால் முடிந்தது.

அப்போது 2013, 2014 சொனாட்டாக்கள் அதில் இல்லை. உலோகச் சில்லு அகற்றும் முறையை ஆலையில் 2012 ஏப்ரலில் மாற்றிவிட்டதால் பிரச்சினை தீர்ந்தது என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. 2016-ல் 2013 சொனாட்டா வாங்கப் போனவர் வின் எண்ணைத் தட்டியிருந்தால் எஞ்சினைப் பற்றி ஒரு வரிகூட வந்திருக்காது. ஆனால் 2017-ல் 17V226 வந்தது. 2013, 2014 சொனாட்டாக்களும் சாண்டா ஃபே ஸ்போர்ட்டும் சேர்ந்து சுமார் 5,72,000 வண்டிகள். காரணம் அதே கிராங்க்ஷாஃப்ட் உலோகச் சில்லு. அதே சமயத்தில் கியா நிறுவனம் ஆப்டிமா, ஸ்போர்ட்டேஜ், சொரென்டோ என்று சுமார் 6,18,000 வண்டிகளை அழைத்தது. எஞ்சின் ஒரே குடும்பம்.

ஹூண்டாயில் பொறியாளராக இருந்த கிம் குவாங்-ஹோ 2016-ல் அமெரிக்க அதிகாரிகளிடம் ஆவணங்களோடு போய்ச் சொன்னார். ரீகாலைத் தாமதித்ததற்காகவும் தகவல்களைச் சரியாகத் தராததற்காகவும் ஹூண்டாய், கியா இரண்டின் மீதும் 2020 நவம்பரில் சேர்த்து 21 கோடி டாலர் அளவுக்கு நடவடிக்கை வந்தது. 2021-ல் அவருக்கு 2.4 கோடி டாலருக்கு மேல் வெகுமதி கிடைத்தது. கார் வாங்குகிறவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது நேரடியானது: ரீகாலின் ஆண்டு எல்லை எப்போதும் பொறியியல் எல்லையாக இருப்பதில்லை. ஒரு ஆண்டுக்கு ரீகால் இருந்து, அடுத்த ஆண்டு அதே எஞ்சினோடு ரீகால் இல்லாமல் நின்றால், அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளும் முன் புகார்களைப் படியுங்கள். அதே பாகத்தைப் பகிரும் சகோதர மாடல்களுக்கும் இதே தேடலைச் செய்யுங்கள். சொனாட்டாவுக்கு ஆப்டிமாதான் உடன்பிறப்பு.

2018-ல் பதிவாகி 2019 தொடக்கத்தில் அறிவிக்கப்பட்ட இன்னொரு ரீகால் உண்டு, எண் 18V934. இது யாருக்கு என்று கவனியுங்கள். முந்தைய ரீகாலில் எஞ்சினை மாற்றிக்கொண்ட வண்டிகளுக்கு! மாற்றும்போது உயர் அழுத்தப் பெட்ரோல் குழாய் சரியாகப் பொருத்தப்படாமல் போயிருக்கலாம், பெட்ரோல் கசிந்து தீப்பிடிக்கலாம் என்பது காரணம். ‘எஞ்சின் புதுசா போட்டாச்சு, கவலையே இல்ல’ என்று விற்பவர் மகிழ்ச்சியாகச் சொன்னால், அந்தக் குழாய் ரீகாலும் முடிந்ததா என்று கேட்க வேண்டியது உங்கள் வேலை.

புகார்களைப் படிக்கும் விதம்

புகார்ப் பிரிவில் எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பயப்படுவதில் பயனில்லை. அதிகம் விற்ற காருக்கு அதிகப் புகார் வரும். ரீகால் செய்தி வெளியான மாதங்களில் புகார் பெருகும், பத்திரிகையில் படித்துவிட்டு எழுதுகிறவர்கள் அதில் நிறையப் பேர். அதனால் ரீகாலுக்கு முன் எழுதப்பட்டவற்றுக்குக் கூடுதல் மதிப்புக் கொடுங்கள். ஒருவரை ஒருவர் அறியாதவர்கள் ஒரே வரிசையை விவரிக்கிறார்களா என்று பாருங்கள்: முதலில் தட்டும் சத்தம், பிறகு சக்தி குறைவு, பிறகு நெடுஞ்சாலையில் அணைந்துபோனது, டீலர் ‘பேரிங் போயிற்று’ என்று சொன்னது. தனித்தனி ஊர்களிலிருந்து இந்த வரிசை திரும்பத் திரும்ப வந்தால் அது கோளாறின் கைரேகை.

நூற்றுக்கணக்கில் இருந்தால் தளத்தில் பக்கம் பக்கமாகப் புரட்டுவது சிரமம். நிர்வாகமே திறந்து வைத்திருக்கும் முகவரியில் மொத்தமாக எடுக்கலாம்:

```
https://api.nhtsa.gov/complaints/complaintsByVehicle?make=hyundai&model=sonata&modelYear=2013
```

உலாவியில் ஒட்டினாலே போதும், எல்லாப் புகாரும் ஒரே பக்கத்தில் எழுத்தாக வரும். அதில் knock, bearing, stall, fire என்று தேடிப் பாருங்கள். ஆண்டை மட்டும் மாற்றி 2011 முதல் 2015 வரை ஒப்பிட்டால், எந்தக் கோளாறு எந்த ஆண்டில் கூடுகிறது, எதில் தணிகிறது என்பது பிடிபட்டுவிடும். `complaints/complaintsByVehicle` என்ற இடத்தில் `recalls/recallsByVehicle` என்று போட்டால் ரீகால் பட்டியல் அதேபோல் வரும்.

ஒவ்வொரு ரீகாலோடும் இணைந்திருக்கும் ஆவணங்களில் ‘பகுதி 573’ அறிக்கையைத் திறந்து படிப்பது மிகவும் பயன்தரும். இரண்டு மூன்று பக்கம்தான். கோளாறின் காரணம், எந்தத் தேதிக்குள் தயாரானவை, தயாரிப்பில் எப்போது என்ன மாற்றினார்கள், சரிசெய்ய என்ன செய்வார்கள் எல்லாம் நிறுவனத்தின் வாயாலேயே இருக்கும். உரிமையாளருக்குப் போன கடிதம் இதையே மழுப்பிச் சொல்லும்.

ரீகால் என்று பெயரில்லாத இரண்டு

இந்த எஞ்சின்களுக்கு ஹூண்டாய் பின்னர் ஒரு மென்பொருளை இலவசமாக ஏற்றிக் கொடுத்தது. டீலர்கள் அதை ‘கேம்பெய்ன் 953’ என்பார்கள். எஞ்சினில் ஏற்கெனவே இருக்கும், தட்டும் அதிர்வை உணரும் நாக் சென்சாரை வைத்து, பேரிங் தேய்மானத்தால் வரும் அதிர்வை முன்கூட்டியே பிடிக்கிறது இது. பிடித்தால் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு எரியும், காரின் கணினியில் P1326 என்ற கோளாறுக் கோடு பதிவாகும், வண்டி குறைந்த வேகத்தில் மட்டும் நகரும். நடுச்சாலையில் எஞ்சின் இறுகுவதற்கு முன் ஓரங்கட்ட அவகாசம் கிடைக்கிறது. ஆனால் இது எதையும் சரிசெய்வதில்லை. தேயும் பேரிங் தேய்ந்துகொண்டேதான் இருக்கும், உங்களுக்கு முன்கூட்டியே தெரிகிறது என்பதே லாபம்.

மென்பொருளைவிட அதோடு ஒட்டி வருகிற வாரன்டி பெரிது. 2019 அக்டோபரில் அறிவித்த கூட்டு வழக்குச் சமரசத்தின்படி, இந்த மென்பொருள் ஏற்றப்பட்ட வண்டிகளுக்குக் கனெக்டிங் ராட் பேரிங் கோளாறு வந்தால் ஷார்ட் பிளாக்குக்கு ஆயுட்கால வாரன்டி உண்டு. அடுத்தடுத்து வாங்குகிறவர்களுக்கும் அது தொடரும். மென்பொருள் ஏற்றாமல் விட்ட வண்டிக்கு அந்த உரிமை சிக்கலாகிவிடும். பராமரிப்பைக் கண்டபடி புறக்கணித்த வண்டிக்கும் மறுக்கலாம். ஆகவே ஆயில் மாற்றிய ரசீதுகள் இந்தக் காரில் பணத்துக்குச் சமம். பெரும் சேதமடைந்த வண்டி என்று பொருள்படும் ‘சால்வேஜ்’ என்ற சொல் டைட்டிலில் இருந்தால் வாரன்டி தொடர்கிறதா என்று ஹூண்டாயின் வாடிக்கையாளர் மையத்திடம் வின் எண்ணைக் கொடுத்து எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். ரீகால் மட்டும் டைட்டில் எப்படி இருந்தாலும் செல்லும்.

இரண்டாவது, திருட்டு. சாவியைத் திருகி ஸ்டார்ட் செய்யும் ஹூண்டாய், கியா கார்கள் பலவற்றில் இம்மொபிலைசர் கிடையாது. அந்தச் சாவியில் இருக்க வேண்டிய சிப்பைச் சரிபார்க்காமலே எஞ்சின் கிளம்பிவிடும். அதைத் திருடர்கள் கண்டுபிடித்துப் பரப்பியபின் 2023 பிப்ரவரியில் ஹூண்டாய் இலவச மென்பொருள் தரத் தொடங்கியது. இது ரீகால் அல்ல, அதனால் வின் தேடலில் தெரியாது. பழைய சில வண்டிகள் அந்த மென்பொருளை ஏற்காது. சில நகரங்களில் சில இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் இந்தக் கார்களுக்குப் புதிய பாலிசி தர மறுத்ததும் நடந்தது. பட்டன் ஸ்டார்ட் உள்ள சொனாட்டாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. சாவி வகை என்றால், முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்த வின் எண்ணுக்கும் உங்கள் முகவரிக்கும் இன்ஷூரன்ஸ் விலை கேட்டுவிடுங்கள். காரில் மிச்சப்படும் பணம் அங்கே போய்விடக்கூடும்.

டீலருக்கு ஒரு போன்

எந்த ஹூண்டாய் டீலரின் சர்வீஸ் பிரிவும் வின் எண்ணை இட்டால் வண்டியின் வாரன்டி வரலாற்றைப் பார்க்க முடியும். ‘ரீகால் பாக்கி இருக்கா?’ என்று மட்டும் கேட்டால் அதே பூஜ்யம்தான் திரும்பி வரும். கேள்வியைப் பிரித்துக் கேளுங்கள். 15V568 எந்தத் தேதியில் முடிந்தது, அன்றைக்குச் சோதித்ததோடு சரியா, ஷார்ட் பிளாக் மாற்றினார்களா? மாற்றியிருந்தால் எந்த மைலில்? 18V934 இந்த வின்னுக்கு உண்டா, முடிந்ததா? 953 ஏற்றியாயிற்றா? P1326 காரணமாக வண்டி எப்போதாவது உள்ளே வந்ததா?

உரிமையாளர் அல்லாதவருக்குச் சொல்ல சில டீலர்கள் தயங்குவார்கள். அப்போது விற்பவரையே கேட்டு, வேலை ரசீதை வாங்கித் தரச் சொல்லுங்கள். ரசீதில் வேலையின் பெயரும் மைலும் தேதியும் இருக்கும். இதற்குக்கூட ஒத்துழைக்காத விற்பவரிடம் இந்தக் காரை வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பழைய கார் வியாபாரியிடம் வாங்கினால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். ரீகால் பாக்கியுள்ள புதுக் காரை டீலர் விற்கக் கூடாது என்று கூட்டாட்சிச் சட்டம் சொல்கிறது. வாடகைக் கார் நிறுவனங்களுக்கும் அப்படியொரு தடை உண்டு. பழைய காருக்கு அந்தத் தடை இல்லை. ‘சர்டிஃபைடு’ என்று பலகை மாட்டியிருந்தாலும் ரீகால் முடிந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

காரின் முன் நின்று

விற்பவர் எஞ்சினை ஓட்டி வைக்காமல், குளிர்ந்த நிலையில் காட்டச் சொல்லுங்கள். போனதும் பானட்டில் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நேரம் வருவதாகச் சொல்லிவிடலாம். முதலில் டிப்ஸ்டிக். இந்த எஞ்சின் ஆயிலைக் குடிப்பதற்கும் பேர்போனது. ஆயில் அடிக்கோட்டுக்குக் கீழே இருந்தால் பேரிங் எவ்வளவு நாள் அரைகுறை ஆயிலில் ஓடியதோ தெரியாது. பளபளவென்று புது ஆயில் இருந்தால் எப்போது, ஏன் மாற்றினார்கள் என்று ரசீதோடு கேளுங்கள்.

ஸ்டார்ட் செய்ததும் மேலிருந்து மெல்லிய, வேகமான ‘டிக் டிக்’ கேட்கும். நேரடிப் பெட்ரோல் பீய்ச்சும் எஞ்சினில் இன்ஜெக்டர் சத்தம் அப்படித்தான், அதில் பயமில்லை. நீங்கள் தேடுவது எஞ்சினின் அடியிலிருந்து வரும் கனத்த ‘டொக் டொக்’. இருபது நிமிடம் ஓட்டி நன்றாகச் சூடானபின் மறுபடியும் கேளுங்கள். சூட்டில் ஆயில் நெகிழ்ந்துவிடுவதால் தேய்ந்த பேரிங் அப்போதுதான் வாய் திறக்கும். நின்றபடி ஆக்சிலேட்டரை 2,500 சுற்று வரை மெல்ல உயர்த்தி விடுங்கள். சத்தம் சுற்றோடு சேர்ந்து வேகமெடுத்து, காலை எடுக்கும் நொடியில் தெளிவாகத் தட்டினால் அது ராட் சத்தம். விலை எவ்வளவு குறைத்தாலும் திரும்பி நடங்கள்.

சத்தமே இல்லாவிட்டாலும், கணினியில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரைச் செருகிப் பாருங்கள். P1326 இருக்கிறதா என்பது முதல் கேள்வி. கோடு எதுவும் இல்லை, ஆனால் மாசுக் கட்டுப்பாட்டுச் சுயசோதனைகள் பலவும் ‘முடியவில்லை’ என்று காட்டுகிறது என்றால், அண்மையில் யாரோ கோடுகளை அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். ‘நேத்துதான் பேட்டரி மாத்தினேன்’ என்ற பதில் உண்மையாகவும் இருக்கலாம். சில நாள் ஓட்டியபின் மறுபடி ஸ்கேன் செய்ய ஒப்புக்கொள்கிறாரா என்று பாருங்கள்.

எஞ்சின் ரீகால் மட்டுமே இந்தக் காரின் கதை என்று நினைத்துவிடக் கூடாது. முன் சீட் பெல்ட்டின் கீழ் இணைப்பு கழன்றுவிடலாம் என்று 2017-ல் 2011 முதல் 2014 வரையிலான சொனாட்டாக்களுக்கு ஒரு ரீகால் வந்தது. விபத்தில் காற்றுப்பையைத் தூண்டும் கணினி மின்தாக்கத்தில் செயலிழக்கலாம் என்று 2018-ல் 2011 முதல் 2013 வரையிலான சொனாட்டாக்களுக்கு இன்னொன்று. இவை முடிந்தனவா என்பது வின் தேடலிலேயே தெரிந்துவிடும், சந்தேகத்துக்கு இடமில்லாத வேலைகள். பாக்கி இருந்தால், பணம் கைமாறுவதற்கு முன் விற்பவரே செய்து ரசீது தரட்டும். கட்டணம் கிடையாது, அவருக்கு அரை நாள் போகும், அவ்வளவுதான்.

எதை வாங்கலாம்

ரீகாலிலோ வாரன்டியிலோ டீலரே ஷார்ட் பிளாக்கை மாற்றி, அதன் ரசீது இருந்து, பெட்ரோல் குழாய் ரீகாலும் முடிந்து, 953 ஏற்றிய வண்டி இருந்தால் அதைத் தைரியமாகப் பார்க்கலாம். இந்த ஆண்டுகளில் நல்லது அதுதான். சில நூறு டாலர் கூடக் கொடுத்தாலும் தகும். பழைய எஞ்சினே இருக்கிறது, 953 ஏற்றியாயிற்று, ஆயில் ரசீதுகள் ஒழுங்காக இருக்கின்றன என்றால், வாரன்டி தொடர்வதை எழுத்தில் உறுதிசெய்துகொண்டு விலையைக் குறைத்து வாங்கலாம். எஞ்சின் மாற்றும் காலத்தில் வாரக்கணக்கில் கார் இல்லாமல் சமாளிக்க முடிகிற குடும்பத்துக்கு மட்டும் இது சரி. தனியார் பட்டறையில், எங்கிருந்தோ வந்த பழைய எஞ்சினைப் போட்டிருந்தால் அந்த எஞ்சினும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததாகத்தான் இருக்கும், அதன் வரலாறும் யாருக்கும் தெரியாது. ரசீதே இல்லாத வண்டியோடு அதையும் ஒதுக்கிவிடுவேன்.

வாங்கியதும் ஹூண்டாயின் உரிமையாளர் பக்கத்தில் உங்கள் பெயர், முகவரியோடு வின் எண்ணைப் பதிந்துவிடுங்கள். பழைய உரிமையாளரின் முகவரிக்குப் போகும் ரீகால் கடிதத்தால் உங்களுக்குப் பயனில்லை. வின் தேடலை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மறுபடி ஓட்டுங்கள். ஒரு கணக்கையும் மனதில் வையுங்கள்: ரீகால் அறிவிக்கும் நாளில், அந்தக் கார் முதன்முதலாக விற்கப்பட்டுப் பதினைந்து ஆண்டு தாண்டியிருந்தால், இலவசமாகச் சரிசெய்து தரும் கட்டாயம் நிறுவனத்துக்குச் சட்டப்படி இல்லை. 2015-லும் 2017-லும் அறிவித்த எஞ்சின் ரீகால்களுக்கு இந்த வரம்பு குறுக்கே வராது, ஏனென்றால் அப்போது இவை இளைய கார்கள். ஆனால் 2010-ல் விற்ற 2011 சொனாட்டாவுக்கு அந்தப் பதினைந்து ஆண்டு 2025-லேயே முடிந்துவிட்டது. அதன்பின் புதிதாக ஒரு கோளாறு வெளிவந்தால் செலவு உங்களுடையதாக இருக்கலாம் என்பதையும் விலை பேசும்போது சேர்த்துக்கொள்ளுங்கள்.